கை பட, கைப்பட

ஓர் ஒற்றைச் சேர்த்தேன், ஓர் இடைவெளியை எடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

வெளியிடச் சொல்லி ஓர் அம்மா எங்களுக்கு அனுப்பிய கட்டுரை நன்றாகவே இருந்தது. கல்யாணமாகிப் பம்பாய் போனது, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், அப்பா. சந்தி மட்டும் அறவே கிடையாது. 'கதையை கேட்டேன்', 'ஊருக்கு போனேன்', 'அந்த பெட்டி' என்று பக்கம் முழுக்க. இப்படிப்பட்ட கட்டுரையை வரிவரியாகப் படித்துத் திருத்தினால் கண் பழகிவிடும், பத்து வரி தாண்டினால் 'ஊருக்கு போனேன்' சரியாகவே தெரியும். அதனால் நான் தேடித்தான் திருத்துவேன். முதலில் 'அந்த', 'இந்த', 'எந்த'. அப்புறம் 'க்கு' போட்டு ஓர் இடைவெளி விட்டு, பின்னால் க, ச, த, ப நான்கையும் ஒவ்வொன்றாக. கடைசியில் ஐகாரம்: 'ை க', 'ை ச', 'ை த', 'ை ப'.

முதல் இரண்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஒற்றுப் போட்டுக்கொண்டே போகலாம். ஐகாரம் அப்படியில்லை. 'கதையை படித்தேன்' என்றால் அங்கே இருப்பது வேற்றுமை உருபு, ப் வரும். 'மழை பெய்தது' என்றால் மழை எழுவாய், வராது. 'வேலை தேடினேன்' என்பதில் உருபு மறைந்திருக்கிறது, அங்கேயும் வராது. போட்டால் முருகன் கைவேலைத் தேடிப் போன கதையாகிவிடும். தேடல் பெட்டிக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். ஒவ்வொன்றாக நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

'ை ப' தேடியபோதுதான் அந்த வரி வந்து நின்றது.

"அப்பா கை பட வந்த கடிதங்கள் 11 இன்னும் என்னிடம் இருக்கின்றன."

'கைப்பட' என்பது ஒரே சொல். சொந்தக் கையெழுத்தில் என்று பொருள். பிரித்து எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்த்தேன். சேர்த்ததும் 'கைப்பட வந்த' இடித்தது. கைப்பட எழுதலாம், கைப்பட வருமா? தட்டச்சில் 'எழுதிய' விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, 'கைப்பட எழுதிய கடிதங்கள்' என்று ஆக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த இடிப்பு ஓர் எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. ஒற்றுப் போட்டபின் வாக்கியம் முன்பைவிடக் கெட்டுப்போனால், சந்தேகம் ஒற்றின் மேல் வர வேண்டும். எனக்கு எழுதியவர் மேல் வந்தது. ஆனால் ஒன்று, நூறு இடத்தில் ஒற்றை விட்டவர் நூற்றோராவது இடத்தில் தெரிந்தேதான் விட்டிருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் தோன்றியிருக்காது என்று கொஞ்சநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியான அன்று மாலை அவரே போன் செய்தார். "தம்பி, நல்லா வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவாராம். கடைசியில் அப்பா கட்டைவிரலில் மை தொட்டு ஒரு கைநாட்டு வைப்பாராம். மற்ற எழுத்தெல்லாம் யாரோ எழுதியது, அந்த விரல் மட்டும் அவருடையது. அந்தக் கை பட வந்த கடிதங்கள். கை எழுவாய், பட வினை. 'வெயில் பட', 'காற்று பட' மாதிரி. அங்கே ஒற்று வராது, இடைவெளியும் கட்டாயம் வேண்டும். கட்டுரை முழுக்கப் பிழை செய்தவர் அந்த இடத்தில் இலக்கணப்படி எழுதியிருந்தார், நான் அதைப் பிழையாக்கியிருந்தேன்.

போனை வைத்துவிட்டு மறுபடி படித்தேன். நாலு பத்தி கீழே, "எழுதுகிறவருக்கு ஒரு தேங்காய் கொடுத்து அனுப்புவார்" என்று இருக்கிறது. 'க்கு'வுக்குப் பின் உயிரெழுத்து, 'தேங்காய்' யகர ஒற்றில் முடிகிறது. என் தேடல் எதிலும் அந்த வரி அகப்படவில்லை. ஆனால் கடைசியில் ஒருமுறை முழுக்கப் படித்தேனே? படித்தேன்தான். ஒற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படித்தால், தேங்காய் எதற்குக் கொடுத்தார் என்பது மண்டையில் ஏறுவதில்லை.

என்னை விடாமல் அரிப்பது இதுகூட இல்லை. போனில் நான் மன்னிப்புக் கேட்டு, "இப்பவே மாத்திடுறேம்மா" என்றதும், அவர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இருக்கட்டும் விடுங்க தம்பி. ஒரு எடத்துலயாவது அவர் எழுதினதா இருக்கட்டுமே" என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். சிரித்தாரா, மூச்சு விட்டாரா, போனில் சரியாகத் தெரியவில்லை.

பத்து நிமிடம் கழித்து மாற்றிவிட்டேன். அவரிடம் திரும்பக் கேட்கவில்லை.

காரணம் என்னிடம் இருந்தது. மேலே அப்பா எழுதுகிறார், கீழே எழுதித் தருகிறவருக்குத் தேங்காய் கொடுக்கிறார், இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்க முடியாது. கவனமாகப் படிக்கிற ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். தவிர, அது அவர் செய்த பிழையும் இல்லை, நான் நுழைத்தது. என் பிழையை அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார் என்பதற்காக அதை அப்படியே விடுவதா? எங்கள் குழுவில் மூத்தவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்கதானே எழுதினவங்க? இருக்கட்டும்னா இருக்கட்டும்னுதானே அர்த்தம்?" நான் தேங்காயைச் சொன்னேன். "தேங்காயையும் எடுத்துடலாமான்னு கேட்டிருக்கலாமே" என்றார். அது எனக்குச் சரியாகவே படவில்லை, இப்போதும் படவில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பின் அவர் எங்களுக்கு எதுவும் அனுப்பவில்லை. உடம்புக்கு முடியாமல் இருக்கலாம், எழுத ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நான் மாற்றியதை அவர் பார்த்தாரா என்பதே தெரியாது.

இப்போது என் வேலை மெதுவாகிவிட்டது. ஒற்றுப் போடுவதால் பொருள் மாறக்கூடிய இடம் எதுவானாலும் எழுதியவரிடம் கேட்டுவிடுகிறேன். போன மாதம் 'தந்த பெட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒருவர் கொடுத்த பெட்டியா, ஒற்றுப் போட்டு 'தந்தப் பெட்டி', அதாவது யானைத் தந்தத்தில் செய்ததா என்று போனில் கேட்டேன். "எங்க வீட்டுல ஏதுங்க தந்தம்? சந்தியைக் கேட்கவா கூப்பிட்டீங்க?" என்று சலித்துக்கொண்டார். நியாயம்தான். இன்னொரு பக்கம், கேட்டுக் கேட்டே நேரம் போய், அதே கட்டுரையில் 'சுவற்றில்' என்பதைக் கோட்டைவிட்டேன். சுவர் என்றால் 'சுவரில்'தான் வரும். வெளியானபின் வாசகர் ஒருவர் பிடித்தார்.

அந்த வரியை நான் எப்படி மாற்றினேன் என்று சொல்லவில்லை. 'கை பட வந்த' என்று பழையபடியே போட்டால் இன்னொருவரும் அதைப் பிழை என்று நினைப்பாரோ என்று, 'அப்பாவின் கை பட்டு வந்த கடிதங்கள்' என்று போட்டேன். தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் எழுதிய வரி அவர் அனுப்பிய மின்னஞ்சலில் மட்டும் இருக்கிறது, அதை நான் இன்னும் அழிக்கவில்லை.