மூன்று கியூப்பும் இரண்டு கியூப்பும் ஐந்தாகாது

யாழ்ப்பாணத்தில் நிலத்தைக் கிண்டினால் சுண்ணாம்புக்கல்தான். கொங்கிரீட்டுக்கான கருங்கல் வன்னியிலிருந்து டிப்பரில் வரவேண்டும். கூரைக் கொங்கிரீட் அன்று கால் கியூப் குறைந்தாலும் வேலை நின்றுவிடும். அப்போது டிப்பர்காரரைத்தான் எல்லாரும் ஏசுவார்கள். அநேகமாகக் குறை கணக்கில்தான் இருக்கும்.

ஐந்து கியூப் கலந்த கல் தேவை, 20 மில்லிமீற்றர் அறுபது பங்கு, 10 மில்லிமீற்றர் நாற்பது பங்கு என்றால், பெரிய கல் மூன்று கியூப், சின்னக் கல் இரண்டு கியூப் என்று எழுதிவிடுகிறோம். இரண்டையும் கலந்து அளந்தால் ஏறக்குறைய நாலே முக்கால் கியூப்தான் நிற்கும். சின்னக் கல்லில் ஒரு பகுதி பெரிய கல்லின் இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. நிறை அப்படியே கூடும், கன அளவு கூடாது. ஐந்து கியூப் வேண்டுமென்றால் ஐந்தை 0.95 ஆல் வகுக்க வேண்டும்: மொத்தம் 5.26, அதில் பெரியது 3.16, சின்னது 2.10.

அந்த 0.95 எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. 20 லீற்றர் வாளி ஒன்றும் தராசும் இருந்தால் உங்கள் கல்லுக்கு உரியதைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியேயும், பிறகு 60:40 ஆகக் கலந்ததையும் குலுக்காமல் நிரப்பி, மேலே மட்டமாக வழித்து நிறுங்கள். தனிக் கல் ஒவ்வொன்றும் சுமார் 28.6 கிலோ, கலந்தது 30.1 கிலோ என்றால், 28.6 ஐ 30.1 ஆல் வகுக்க 0.95 வரும். 70:30, 50:50 என்றும் கலந்து பாருங்கள். எது கூடிய நிறையோ அதில்தான் இடைவெளி குறைவு. அதற்கு மேலும் சின்னக் கல்லைக் கூட்டினால் நிறை திரும்ப இறங்கும், நனைக்க வேண்டிய பரப்பும் கூடுவதால் கலவை தண்ணீர் கேட்கும்.

மிக்சருக்குப் போடும்போதும் இதே சிக்கல்தான். ஒரு மூடை சீமெந்துக்கு ஐந்து கன அடிக் கல் என்றால், பெரியதில் மூன்று பெட்டி, சின்னதில் இரண்டு பெட்டி என்று தனித்தனியே அளப்பது ஒன்று. கலந்த குவியலில் இருந்து ஐந்து பெட்டி அள்ளுவது வேறு. இரண்டாவதில் மூடைக்குப் பத்துக் கிலோவளவு கல் கூடுதலாகப் போகும். அதே மணலும் சீமெந்தும் கூடுதல் கல்லை மூட வேண்டிவரும். கம்பி நெருக்கமான இடத்தில் பலகையைக் கழற்றும்போது பொத்தல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் ஒரு விதமாகவும் பின்னேரம் இன்னொரு விதமாகவும் அளந்தால் ஒரே கூரையில் இரண்டு கலவை. தனித்தனியே அளப்பதுதான் என் தெரிவு.

குவியலாகக் கலந்துதான் ஆகவேண்டுமென்றால், ஒன்றன் மேல் ஒன்றைக் கூம்பாகக் கொட்டக்கூடாது. பெரிய கல் சரிவில் உருண்டு அடி ஓரத்தில் சேரும், நடுவில் சின்னது நிற்கும். அரை அடிக்குக் குறைவான தட்டையான படைகளாக மாறி மாறிப் பரப்பி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெட்டி அள்ளினால் ஒவ்வொரு சவளிலும் இரண்டு கல்லும் வரும்.