இரண்டு மாதம் காத்திருந்தது

"அந்தப் பங்கு 140-இல் இருந்தபோது உங்கள் கணக்கு அதை விற்கச் சொன்னதா, இல்லையா?" என்று கேட்டார் எங்கள் வாடிக்கையாளரான அம்மையார். சொன்னது என்றேன். "பிறகு ஏன் விற்கவில்லை?" வரி என்றேன். "வரியைக் குறைக்கவா உங்களிடம் பணத்தைக் கொடுத்தேன்?" என்றார். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதல் சந்திப்பில் "வரி போகக் கையில் மிஞ்சுவதுதான் எனக்குக் கணக்கு" என்று அவர் சொன்னதை நினைவூட்டினேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லிக்காட்டியது எனக்கே கசக்கிறது.

அவருடைய கணக்கை மொமென்டம் உத்தியில் நடத்திவந்தோம். அண்மைக் காலத்தில் நன்றாக ஏறிய பங்குகளை வாங்கி, வேகம் தணிந்ததும் விற்பது. கடந்த 3 முதல் 12 மாதங்களில் முன்னணியில் இருந்த பங்குகள் அடுத்த 3 முதல் 12 மாதங்களிலும் முன்னணியில் நிற்கும் போக்கை நிதியியல் ஆய்வாளர்கள் ஜெகதீஷும் டிட்மனும் 1993-இல் எழுதிக் காட்டினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த ஆதாயத்தின் ஒரு பகுதி கரைந்துபோவதையும் அவர்களே குறித்தார்கள். சங்கடம் இங்கேதான். எதை வாங்குவது, எதை விற்பது என்று சொல்லும் இந்தச் சிக்னலின் உயிர் ஏறக்குறைய ஓராண்டு. நீண்டகால ஆதாய வரிச் சலுகை தொடங்குவதோ பெரும்பாலும் ஓராண்டு கழிந்த பிறகு. ஒன்று மங்கும் இடத்தில்தான் மற்றது விளக்கேற்றுகிறது.

எண்களை எளிதாக்கிக்கொள்கிறேன். குறுகியகால வரி 30 சதவீதம், நீண்டகால வரி 15, எல்லை 12 மாதம். எங்கள் சோதனையில் 3 மாதம் வைத்து விற்கும் முறை, தரகுச் செலவு போக, ஆண்டுக்கு 14 சதவீதம் தந்தது. 13 மாதம் வைத்திருக்கும் முறை 12 தந்தது. வரிக்குப் பின் முதலாவது 9.8, இரண்டாவது 10.2. நான் 13 மாதத்தைப் பரிந்துரைத்தேன். வரிக்கு முந்தைய ஆதாயத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழந்தாலும் நீண்டகாலமே வெல்லும் என்று ஒரு வரி எழுதியது நினைவிருக்கிறது. அந்த வரியில் பிழை இல்லை.

பிழை அந்த 0.4-ஐ நம்பியதில் இருந்தது. 13 மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும் உத்தியில், எந்த மாதம் தொடங்குகிறோம் என்பதே விளைவை ஆட்டிவைக்கும். தொடக்க மாதத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோது 12 என்ற எண் 10.5-க்கும் 13-க்கும் இடையே அலைந்தது. வரிக்குப் பின் அது 8.9-இலிருந்து 11 வரை. பணத்தை 13 பங்காகப் பிரித்து மாதம் ஒரு பங்கை முதலீடு செய்தால் இந்த அலைச்சல் அடங்கும், அதைச் செய்தோம். ஆனால் சராசரியைச் சுற்றி அவ்வளவு மூடுபனி இருக்கும்போது 0.4 வித்தியாசம் எதையும் நிரூபிக்காது. பரிந்துரை அறிக்கையில் இதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இனி அந்தப் பங்குக்கு வருகிறேன். 100-க்கு வாங்கியது, பத்து மாதத்தில் 140. சிக்னல் தரும் பட்டியலிலிருந்து அது இறங்கிவிட்டது. எல்லையைத் தாண்ட இரண்டு மாதம் மீதி. அன்றே விற்றால் 40 ஆதாயத்தில் 12 வரி, கையில் 128. காத்திருந்து அதே 140-இல் விற்றால் 6 வரி, கையில் 134. காத்திருந்த பிறகும் 128 கையில் நிற்க வேண்டுமானால் விலை ஏறக்குறைய 133-க்குக் கீழே போகக் கூடாது. அதாவது 5 சதவீதச் சரிவு வரை தாங்கும் மெத்தை. ஆதாயம் 40-க்குப் பதில் 10 ஆக இருந்திருந்தால் மெத்தையின் கனம் 1.6 சதவீதம்தான், அப்போது காத்திருப்பது வீண் பிடிவாதம். மெத்தையின் கனத்தைத் தீர்மானிப்பது ஆதாயத்தின் அளவு. வைத்திருந்த நாட்களுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எல்லாப் பங்குக்கும் 13 மாதம் என்ற எங்கள் விதி இதைப் பார்க்கவே இல்லை.

காத்திருந்தோம். எல்லை தாண்டியபோது விலை 118. வரி 2.7 போக 115.3. அன்றே விற்றிருந்தால் 128.

இதில் என்னை நியாயப்படுத்திக்கொள்ள எனக்கு இடமிருக்கிறது. பட்டியலிலிருந்து இறங்கிய பங்குகள் அதன்பின் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் சரிகின்றன என்பது எங்கள் மதிப்பீடு. இரண்டு மாதத்துக்கு 2. மெத்தை 5. எனவே காத்திருந்தது சரி, விளைவு துரதிர்ஷ்டம். அம்மையாரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் விட்டுப்போனது தெரிந்தது. விற்றிருந்தால் அந்த 128 சும்மா இருந்திருக்காது. பட்டியலில் ஏறிய வேறொரு பங்குக்குப் போயிருக்கும். அதுவும் மாதத்துக்கு 1 சதவீதம் ஏறும் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 130.6. காத்திருந்த பங்கு மதிப்பீட்டின்படி 137.2-க்கு இறங்கி, வரி போக 131.6. (புதுப் பங்கின் மீதான வரியை இங்கே எடுக்கவில்லை, எடுத்தால் காத்திருப்பின் பக்கம் இன்னும் சற்றுச் சாயும்.) ஆக, காத்திருப்பின் சாதகம் நான் சொன்ன பெரிய இடைவெளி அல்ல, 1 மட்டுமே. இரு பக்கமும் மாத மதிப்பீட்டை 1-க்குப் பதில் 1.3 என்று வைத்தால் விற்றதில் 131.3, காத்திருந்ததில் 130.9. புதுப் பங்கின் வரியை விட்டுப் பார்த்தால் முடிவு தலைகீழ். அந்தச் சிக்னலை 1 என்றும் 1.3 என்றும் பிரித்தறியும் அளவுக்கு எங்களிடம் தரவு இல்லை.

இன்னொன்றும் கேட்காமல் விட்டிருந்தேன். முந்தைய ஆண்டுகளின் குறுகியகால நட்டம் எதையாவது அவர் சுமந்துகொண்டிருக்கிறாரா? பல வரிச் சட்டங்களில் அப்படிப்பட்ட நட்டத்தை இப்போதைய குறுகியகால ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். போதிய நட்டம் இருந்தால் அவருக்கு 30 என்ற விகிதம் அந்த ஆண்டு நடைமுறையில் பூச்சியம். மெத்தையும் இல்லை, காத்திருக்கக் காரணமும் இல்லை. பிறகு கேட்டபோது இல்லை என்றார். தப்பினேன். ஆனால் தப்பியதை நல்ல முடிவு என்று சொல்ல முடியாது.

இப்போது விதியை மாற்றிவிட்டோம். 13 மாதம் என்ற ஒரே அளவு போய்விட்டது. ஒவ்வொரு பங்குக்கும் வாங்கிய தேதிவாரியாக மெத்தையின் கனத்தையும் எல்லைக்கு மீதமுள்ள நாட்களையும் எடுத்து, அந்த நாட்களுக்குச் சிக்னல் சொல்லும் சரிவையும் மாற்றுப் பங்கின் ஏற்றத்தையும் அதோடு ஒப்பிடுகிறோம். நட்டத்தில் இருப்பதை எல்லைக்காக வைத்திருப்பதே இல்லை. புதிய விதி தயாரானதும் முதல் வேலையாக அந்த 140 பங்கை அதில் போட்டுப் பார்த்தேன். காத்திரு என்றது.

அம்மையாரின் கடைசிக் கேள்வி, "இதே நிலை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்?" தயங்காமல் "காத்திருப்பேன்" என்றேன். சென்ற மாதம் வேறொரு பங்கு வந்தது. ஆதாயம் 38, எல்லைக்கு ஆறு வாரம். விதி காத்திருக்கச் சொன்னது. நான் விற்றேன். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'சிக்னல் பலவீனம்' என்று எழுதினேன். அந்த ஆறு வாரம் இன்னும் முடியவில்லை. அதன் விலையை நான் பார்ப்பதில்லை என்று சக ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காலை 141.