ஒத்திகையில் தாமதம் எங்கே?

இன்று எங்கள் ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் தீ ஒத்திகை. 11.00க்கு அலாரம், 11.07க்குக் கடைசி ஆளும் வெளியே வந்துவிட்டார். ஆனால் ஆள் கணக்கு முடிந்தது 11.19க்குத்தான். அந்த 12 நிமிடம்தான் எனக்குக் கவலை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தீயணைப்பு வீரர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது.

பார்வையாளர் பதிவேடு வரவேற்பு மேசையிலேயே கிடந்தது. கேன்டீன் ஊழியர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்புறம், நான்காம் மாடிப் படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவைத் தண்ணீர் கேன் வைத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். படிக்கட்டில் புகை நிறைய அது போதும்.

பதிவேட்டை எடுத்து வருவது இனி வரவேற்பாளர் பொறுப்பு. கேன்டீன் பட்டியலைத் தினமும் காலையில் ஒப்பந்த மேற்பார்வையாளர் தர வேண்டும். கதவைப் பராமரிப்புப் பொறியாளர் வெள்ளிக்குள் பார்க்க வேண்டும். பொறுப்பாளர் யார் என்ற இடத்தில் ‘அட்மின் டீம்’ என்று பொதுவாக எழுத நான் விடவில்லை. அடுத்த மாதம் ஆள் கணக்கை மட்டும் மறுபடி சோதிக்கிறோம்.