அம்மாவின் காது மிஷினும் 13 நாள் டிராக்கிங்கும்

அம்மாவுக்கு இரண்டு காதிலும் மிஷின். வலது காது மிஷின் திடீரென்று நின்றுபோனதால், கடைக்காரர் சொன்னபடி இரண்டையும் பெங்களூரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். சரிசெய்து திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு புதன்கிழமை குறுஞ்செய்தி வந்தது, கூடவே டிராக்கிங் நம்பரும். அன்றிலிருந்து 13 நாள் அந்த நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் வீட்டில் எல்லாருமே அம்மாவிடம் கையைக் காட்டித்தான் பேசினோம். அவள் பாதி நேரம் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். திரையில் வரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிஜத்தில் என்ன பொருள் என்று நான் தெரிந்துகொண்டது அதனால்தான்.

முதல் நாள் காட்டியது Manifested. பார்சல் கிளம்பிவிட்டது என்று நினைத்து, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று அம்மாவிடம் ஒரு தாளில் எழுதியும் காட்டிவிட்டேன். அது தவறு. அனுப்புகிறவர் தன் கம்ப்யூட்டரில் விலாசத்தை ஏற்றி லேபிள் அச்சடித்துவிட்டார் என்பதுதான் அதற்குப் பொருள். பெட்டி இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. கூரியர்காரர் வந்து, லேபிளை ஸ்கேன் செய்து எடுத்துப் போனால்தான் Picked Up என்று மாறும். எனக்கு அது வியாழன் இரவு 7.40-க்கு மாறியது.

அதன் பிறகு In Transit. வெள்ளி அதிகாலை பெங்களூரு, சனி அதிகாலை மதுரை, ஞாயிறு காலை 4.12-க்குத் திருநெல்வேலி. நாங்கள் இருப்பது தென்காசியில், திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். திங்கள் காலை கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருந்தோம். திங்கள் போனது, செவ்வாயும் போனது. திரையில் அதே திருநெல்வேலி, அதே 4.12, அதே In Transit.

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை போன் செய்தேன். “பார்சல் வழியிலதான் சார் இருக்கு, 24 மணியிலேர்ந்து 48 மணி நேரத்துல வந்துடும்” என்று மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் பார்க்கிற அதே திரைக்கு மேல் அவர்களுக்கும் அதிகம் தெரியாது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலி ஹப்புக்கே போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக ஒட்டி நின்றது. உள்ளே வெள்ளைச் சாக்குப் பைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல். சூப்பர்வைசர் பொறுமையான மனிதர். என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்குத் தெரியாத இரண்டு வரிகள் அதில் இருந்தன.

சிறிய பார்சல்களைத் தனித்தனியாக லாரியில் ஏற்றுவதில்லை. ஒரே ஊருக்குப் போகும் நாற்பது ஐம்பது பார்சல்களை ஒரு பையில் போட்டு, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பையை சீல் வைக்கிறார்கள். அதன்பின் பைக்கென்று ஒரு நம்பர். வழியில் எந்த ஹப்பில் அந்தப் பையின் நம்பரை ஸ்கேன் செய்தாலும், உள்ளே இருப்பதாகக் கணக்கில் உள்ள எல்லாப் பார்சலுக்கும் ‘வந்தது’ என்று ஒரே நொடியில் பதிவாகிவிடும். பையைத் திறந்து ஒவ்வொரு பார்சலையும் கையிலெடுத்து ஸ்கேன் செய்வது அடுத்த வேலை. என் பார்சலுக்குப் பை ஸ்கேன் மட்டும்தான் விழுந்திருந்தது, தனி ஸ்கேன் விழவில்லை.

“பையில 42 உருப்படின்னு கணக்கு அண்ணாச்சி. பிரிச்சப்போ 41தான் இருந்துச்சு. உங்களோடதுதான் ஷார்ட்டேஜ்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறு காலை 4.12-க்குத் திருநெல்வேலியில் இருந்ததாக நான் நம்பிக்கொண்டிருந்த பெட்டி அங்கே வரவேயில்லை. மதுரையில் பை மாறி விழுந்திருக்கிறது. ஸ்கேன் செய்தது ஒரு பைக்கு, கை போட்டது பக்கத்துப் பையில். அப்படி நடந்தால் ஒரு ஊரில் ஒன்று குறையும், இன்னொரு ஊரில் கணக்கில் இல்லாத ஒன்று கூடுதலாக நிற்கும். குறைந்த இடத்தில் ஷார்ட்டேஜ் என்றும் கூடிய இடத்தில் எக்ஸஸ் என்றும் எழுதி வைப்பார்கள். இரண்டையும் யாராவது ஒருவர் சேர்த்துப் பார்த்தால்தான் பெட்டி நகரும். சூப்பர்வைசர் என் கண்முன்னே தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் போன் போட்டார். தூத்துக்குடியில் இருந்தது. எக்ஸஸ் பெட்டிகளோடு மூன்று நாளாக ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

ஆகவே, In Transit என்றால் லாரி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை. கடைசி ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான். லாரி ஓடினாலும் அதே வார்த்தை, மூலையில் கிடந்தாலும் அதே வார்த்தை. இப்போதெல்லாம் நான் அந்த வார்த்தையைப் பார்ப்பதில்லை, அதன் கீழே இருக்கும் ஊரையும் நேரத்தையும்தான் பார்க்கிறேன். நகரத்துக்கு நகரம் போகும்போது ஒரு நாள் அமைதி சாதாரணம், ஞாயிறு குறுக்கிட்டால் இரண்டு நாள். ஆனால் நம் ஊருக்குப் பக்கத்து ஹப்புக்கு வந்துவிட்டதாகக் காட்டிய பிறகு இரண்டு முழு வேலை நாள் அசையாமல் இருந்தால், பை வந்திருக்கிறது, பார்சல் வரவில்லை என்று சந்தேகப்படலாம். அப்போது ‘எப்போ வரும்’ என்று கேட்பதில் பயனில்லை. “பை ஸ்கேனா, தனி ஸ்கேனா, ஷார்ட்டேஜ் போட்டிருக்கா” என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார். தபால் துறையின் ஸ்பீடு போஸ்ட் டிராக்கிங்கில் Item Bagged என்று பையில் போட்டதைத் தனி வரியாகவே காட்டுகிறார்கள். இந்தத் தனியார் கூரியரின் பொதுத் திரையில் அந்த வேறுபாடே இல்லை.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் தனி ஸ்கேன் விழுந்தது. சனிக்கிழமை காலை 8.52-க்கு, தென்காசி, Out for Delivery. அம்மாவிடம் போனையே காட்டினேன். அவள் திண்ணையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் சாப்பாடும் அங்கேதான். யாரும் வரவில்லை, போனும் வரவில்லை. இரவு 8.40-க்கு Undelivered, கீழே Consignee not available. நாள் முழுக்கத் திண்ணையில் இருந்தவளை ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதியதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெலிவரி போடும் தம்பியைத் தேடிப் பிடித்தேன். டீக்கடையில் வைத்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். காலையில் அன்றைக்குப் போட வேண்டிய பார்சல்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அவன் பெயரில் ஒரு பட்டியலில் ஏற்றுவார்கள். ரன் ஷீட் என்பார்கள். அதில் ஏறிய கணமே Out for Delivery என்று நமக்கு வந்துவிடும். பெட்டி அப்போது சென்டர் தரையில்தான் இருக்கும், வண்டியில் ஏறக்கூட இல்லை. நம் வீடு வரிசையில் ஐந்தாவதா ஐம்பதாவதா என்று அந்த வார்த்தைக்குத் தெரியாது.

“அன்னைக்கு 73 உருப்படி அண்ணாச்சி. மேலகரம் முடிச்சு வர்றதுக்குள்ள இருட்டிருச்சு. ஷீட்டை மூடாம வீட்டுக்குப் போக முடியாது. மிச்சம் இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணத்தைத் தொடணும்” என்று தன் போனைத் திறந்து காட்டினான். ஆள் இல்லை, விலாசம் தவறு, வாங்க மறுத்தார், வேறு நாள் கேட்டார் என்று சில வரிகள். ‘நேரம் போதவில்லை’ என்று ஒரு வரி அதில் இல்லை. அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அப்படி ஒரு வரியை வைக்காதவர்கள் மேல் இன்னும் இருக்கிறது. இருட்டிய பிறகு, ஒரு மிஸ்டு கால்கூட இல்லாமல் இந்தக் குறிப்பு வந்தால் ஷீட்டை மூடிய நேரம் அது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்று இரவே போன் பதிவுப் பட்டியலைப் படம் பிடித்து வைத்து, ‘அழைப்பு வரவில்லை’ என்று புகார் எழுதிவிட வேண்டும். பல நிறுவனங்கள் மூன்று முயற்சிக்குப் பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். நடக்காத முயற்சியும் அந்த மூன்றில் ஒன்றாக எண்ணப்படும்.

திங்கள் காலை நான் பயந்தது நடந்தது. Held at Hub. இது In Transit, Out for Delivery இரண்டையும்போல் இல்லை. அங்கே பெட்டி ஒரு பதிலுக்காக நிற்கிறது, யாராவது பதில் சொல்லாமல் அது தானாக அசையாது. யாருடைய பதில் என்பது காரணத்தைப் பொறுத்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பருக்குச் சூரத்திலிருந்து வந்த கட்டு இப்படி நின்றபோது காரணம் இ-வே பில் காலாவதி. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் வர அந்தப் பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். வண்டி தாமதமானதும் கெடு முடிந்துவிட்டது. அதை நீட்டிக்காமல் அவர் ஹப்பில் நின்று கெஞ்சியதில் ஒன்றும் நடக்கவில்லை.

என் பெட்டிக்கான காரணம் வேறு. தென்காசி சென்டரில் லேபிளைக் காட்டினார்கள். பெயர் அம்மாவுடையது, விலாசம் சரி, போன் நம்பர் அப்பாவுடையது. மிஷின் வாங்கியபோது அவர்தான் கொடுத்திருந்தார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அந்த நம்பரை நாங்கள் விட்டுவிட்டோம். காலையில் ஷீட்டில் ஏற்றுவதற்கு முன் அந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். அந்த நம்பரை லேபிளில் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் சொன்ன ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. கூரியருக்கு வாடிக்கையாளர் நானல்ல, பணம் கட்டி அனுப்பிய சர்வீஸ் சென்டர். டெலிவரி ஆகவில்லை என்றதும் ‘என்ன செய்ய’ என்ற கேள்வி அவர்களுக்குத்தான் போகிறது. அவர்கள் திரையில்தான் நம்பரை மாற்றவும், மறுபடி முயற்சி செய்யச் சொல்லவும், நேரில் கொடுக்க அனுமதிக்கவும் வழி இருக்கிறது. சனிக்கிழமை இரவு போன அந்தக் கேள்வியை அங்கே யாரும் திறந்து பார்க்கவில்லை. கவுன்டரிலிருந்தே பெங்களூருக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் நம்பரை மாற்றி, நேரில் வாங்கிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். என் போனுக்கு ஓடிபி வந்தது. அம்மாவின் ஆதார் நகலையும் என்னுடையதையும் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எய்யா, இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா போடுது? எண்ணெய் விடக் கூடாதா?” என்றாள்.