ஆறரை மணி நோட்டு

"படுத்த உடனே மில்லு ஓட ஆரம்பிச்சிருதும்மா" என்றார் அவர். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், வயது நாற்பத்தெட்டு. பிசான அறுவடை முடிந்து நெல் லோடு லோடாக வந்துகொண்டிருந்த மார்ச் மாதம். மனநல ஆலோசகராக வாரம் ஒருநாள் நான் உட்காரும் மருத்துவமனை அறைக்கு அவர் மனைவிதான் கூட்டி வந்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்து மணிக்குப் படுப்பார். பதினொன்றரைக்கும் தூக்கம் வராது. லாரி வாடகை பாக்கி, எடைச்சீட்டில் வந்த வித்தியாசம், மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். "பகல்ல இதெல்லாம் நினைப்பே இல்ல. விளக்க அணைச்சா வரிசையா வருது" என்றார். அதில் ஆச்சரியமில்லை. பகல் முழுக்க போனும் ஆளும் லோடுமாக இருக்கிற மனுஷனுக்குப் படுக்கைதான் முதல் ஓய்வு. மனசு பாக்கி வைத்ததையெல்லாம் அப்போதுதான் எடுத்துப் பார்க்கிறது. இப்படியே பல மாதம் நடந்தால், பாயில் சாய்ந்தாலே கவலைப்பட வேண்டும் என்று உடம்பு பழகிவிடும்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். வெளியே கூட்டம் நின்றது. "மனசுல இருக்கறத ஒரு நோட்டுல எழுதிருங்க அண்ணாச்சி, பாரம் குறையும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். எப்போது, எங்கே, எப்படி என்று எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தவர் முன்பைவிடச் சோர்ந்திருந்தார். சொன்னதைச் சரியாகச் செய்திருந்தார், அதுதான் எனக்கு வருத்தம். தினமும் பத்து மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து மூன்று பக்கம். புரட்டிப் பார்த்தேன். "மூட்டை குறைந்தது, என் மேல் சொல்லுவார்களோ" என்ற வரி ஒன்பது நாள் வந்திருந்தது. வார்த்தைகூட மாறவில்லை. ஒரே கவலையை ஒன்பது இரவு உருப்போட வைத்திருக்கிறேன்.

முதலில் நேரத்தை மாற்றினோம். கவலைக்கென்று தனி நேரம் ஒதுக்குவது புதிய யோசனை இல்லை. 1983-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் வேலை பார்த்தவர்களும் இதை ஒரு சிகிச்சை முறையாக எழுதினார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த அரை மணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அந்த நேரம் படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் இருப்பது நல்லது என்பது என் அனுபவம். எழுதும்போது மனசு கிளர்ந்துதான் போகும், அது அடங்க நேரம் வேண்டும்.

இடம் தேடுவதுதான் சிரமமாக இருந்தது. ஆற்றுப் படித்துறைக்குப் போகிறேன் என்றார். இரண்டே நாளில், குளிக்க வருகிற எல்லோரும் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டார். கடைசியில் ஆலையிலேயே, எடைமேடையை ஒட்டிய அறையில் மாலை ஆறரை மணி என்று முடிவானது. போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் வரி பாதியில் நின்றாலும் மூடிவிட வேண்டும்.

அப்புறம் நோட்டு. நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு அடுத்து எடுத்து வைக்கக்கூடிய ஓர் அடி. முழுத் தீர்வு வேண்டாம். நாளைக்கோ மறுநாளோ கையால் செய்ய முடிந்த ஒன்று போதும். இடப்பக்கமும் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. "மில் பிரச்சினை" என்று எழுதினால் வலப்பக்கத்தில் எழுத எதுவும் கிடைக்காது.

அந்த மூட்டைக் கவலையை என் முன்னாலேயே எழுதச் சொன்னேன். யோசித்து யோசித்து, "போன வாரம் வந்த 50 குவிண்டால் நெல், காய வைத்தபின் 175 கிலோ குறைகிறது. முதலாளி கேட்டால் பதில் இல்லை" என்று எழுதினார். பேனாவை வலப்பக்கம் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "ஈரம் எவ்வளவுன்னு பார்க்கல்லியே" என்றார். "நாளை ஒன்பது மணிக்கு, இறக்கிய அன்று எழுதிய ஈர அளவையும் இப்போதைய அளவையும் ஒப்பிடுவது" என்று எழுதினார். 17 சதவீத ஈரம் 14-க்கு இறங்கினால் குவிண்டாலுக்கு மூன்றரை கிலோ குறையும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஐம்பது குவிண்டாலுக்கு அதே 175 கிலோ. பல வருஷமாகத் தெரிந்த கணக்கு, இருட்டில் படுத்திருந்தபோது ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

எல்லாக் கவலைக்கும் வலப்பக்கம் கிடைத்துவிடாது. "மகள் படித்து முடித்தால் வேலை கிடைக்குமா" என்பதற்கு இன்று செய்ய ஒன்றுமில்லை. அதற்கு நேரே "இப்போது செய்ய ஏதுமில்லை, ஜூனில் பார்க்க வேண்டும்" என்று எழுத வைத்தேன். வெற்றாக விடக் கூடாது. ஒரே வரி நாலைந்து நாள் திரும்ப வந்து வலப்பக்கம் காலியாகவே கிடந்தால், முறை தவறிப்போகிறது என்று அர்த்தம். அப்போது நோட்டோடு வரச் சொல்வேன்.

பகலில் கவலை வந்தால் சட்டைப்பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு சொல்: "வாடகை", "பீஸ்". மீதி ஆறரைக்கு. இரவில் வந்தாலும் "நாளைக்கு ஆறரைக்கு" என்று சொல்லிவிட்டு விடுவது. நினைக்காதே என்று மனசை அதட்டினால் இன்னும் பலமாக நினைக்கும். நேரம் குறித்துக் கொடுத்தால் ஓரளவு கேட்கிறது. அப்படியும் இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையென்றால் (கடிகாரம் பார்க்காமல், குத்துமதிப்பாக) எழுந்து மங்கின வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுக்க வேண்டும். போன் கூடாது.

படுக்கும் முன் எழுதவே கூடாதா என்று மனைவி கேட்டார். நாளைய வேலைப் பட்டியல் எழுதலாம். 2018-ல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுத வைத்துப் பார்த்தார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்பே தூங்கினார்கள். ஆனால் அது வேலைப் பட்டியல். "என்ன ஆகுமோ" என்பது ஆறரை மணி நோட்டுக்கு உரியது.

முதல் வாரம் மாற்றமே இல்லை. இரண்டாவது வாரம் ஆறரைக்கு உட்கார்ந்தால் சீட்டில் எழுதியதில் பாதி சப்பென்று தெரிகிறது என்றார். சாயங்காலத் தேநீரையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன், அதற்கும் பங்கு இருக்கலாம். ஐந்தாவது வாரம் பெரும்பாலான இரவுகளில் அரை மணிக்குள் தூங்கிவிட்டார்.

எல்லோருக்கும் நோட்டுக் கொடுத்து அனுப்புவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, சாப்பாட்டிலும் பேச்சிலும் பிடிப்பு விட்டு, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தாலும் நோட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கடைசியாக வந்த அன்று நோட்டு எங்கே என்று கேட்டேன். "வண்டிப் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கும்மா. வீட்டுக்குள்ள கொண்டு போகதில்ல" என்றார்.