"ஆமா, மன்னிச்சுட்டுத்தான் போனேன்"

குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான். "ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சப்புறம், எல்லாத்தையும் மன்னிச்சுத்தானே புருஷன் வீட்டுக்குப் போனீங்க?" கணவரின் கொடுமைக்காக விவாகரத்து கேட்டிருந்த என் கட்சிக்காரர் யோசிக்கவே இல்லை. "ஆமா சார், மன்னிச்சுட்டுத்தான் போனேன்" என்றார்.

அடித்ததற்கு, காயத்தைப் பதிவுசெய்த அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி இருந்தது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீதும் இருந்தது. கொடுமையை நிரூபிக்க அவை போதும். குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்தக் கொடுமையை மனுதாரர் மன்னித்துவிட்டாரா என்றும் பார்க்கச் சொல்கிறது. எதிர்தரப்பு கேட்காவிட்டாலும் நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். 1975இல் தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம், கொடுமை நடந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டும், அதற்குப் பிறகு கணவன் மனைவியாக வாழ்ந்ததால் மன்னித்தாகிவிட்டது என்று, கணவர் கேட்ட சட்டப்படியான பிரிந்து வாழும் உத்தரவை மறுத்தது.

புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனதை மனுவில் எழுத வேண்டாம் என்று என் கட்சிக்காரரின் அம்மா கெஞ்சினார். நான் எழுதினேன். மறைத்துவைத்து குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்ற சாட்சியமும் கூடச் சரிந்துவிடும். அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 'மன்னிப்பு' என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் அவரிடம் பேசியிருக்கலாமோ? பேசியிருந்தால் அது சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதாகியிருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி யோசிக்கிறேன்.

நல்லவேளை, சட்டத்தில் ஒரு வழி உண்டு. இனி அப்படி நடக்காது என்ற நிபந்தனையோடுதான் அந்த மன்னிப்பு. பிறகு மறுபடி கொடுமை நடந்தால், அது பழையதைவிடச் சிறியதாக இருந்தாலும், பழையதும் உயிர்பெறும். அதனால் வழக்கின் பாரம் முழுக்க அடிபட்ட நாளிலிருந்து, திரும்பிப் போன பிறகு வந்த நான்கு மாதங்களுக்கு மாறியது. அந்த மாதங்களில் அடி இல்லை. செல்போனைப் பிடுங்கிவைத்தார்கள், அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டம்மா கோர்ட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது, போன் கைக்கு வந்த ஒரு இரவில் அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "இன்னிக்கும் வெளிய பூட்டிட்டுப் போயிட்டாங்க." அக்காவைச் சாட்சியாக விசாரித்து, அவருடைய போனிலிருந்தே எடுத்து, மின்னணு ஆதாரத்துக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தோம். குடும்ப நல நீதிமன்றம் சாட்சிய விதிகளில் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம்தான். அதை நம்பிச் சான்றிதழை விட்டுவிட எனக்குத் துணிவில்லை.

விவாகரத்து கிடைத்தது. வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "நான் மன்னிச்சது தப்பா மேடம்?" இல்லை என்றேன். அந்தச் செய்தியை அக்கா அழித்திருந்தால், அதே மன்னிப்பால்தான் வழக்கு தோற்றது என்று அவரிடம் விளக்க வேண்டி வந்திருக்கும்.