நைட்ரஜன் சுழற்சியை வட்டமாக வரையாமல் அடுக்குகளாக வரைந்து பார்த்தேன்

பாடநூல் படங்களில் நைட்ரஜன் சுழற்சி ஒரே வட்டமாக இருக்கும். அதனால் மின்னலும் பாக்டீரியாவும் ஒரே வேலையை ஒரே அளவில் செய்வதுபோல் தோன்றிவிடுகிறது. அதைத் தவிர்க்க, முழுச் சார்ட்டு அட்டையை மேலிருந்து கீழாகக் காற்று, செடி, மண் என மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, கடலூர்ப் பக்கத்தில் மணிலா எனப்படும் நிலக்கடலைக் கொல்லை ஒன்றை இடப்புறத்திலும் நீர் நிற்கும் நெல் வயலை வலப்புறத்திலும் வரைந்தேன்.

முதலில் மின்னல். அதன் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள N₂ பிளந்து ஆக்சிஜனுடன் சேர்கிறது. மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக (NO₃⁻) மண்ணில் இறங்குகிறது. ஆகவே மின்னல் அம்பின் முனை மண்ணிலுள்ள நைட்ரேட் கட்டத்தைத்தான் தொட வேண்டும். உலக அளவில் மின்னல் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் நைட்ரஜனைத் தருகிறது. நிலத்து பாக்டீரியாக்கள் தருவதோ, பயிர்களில் உள்ளவற்றையும் சேர்த்தால், 10 கோடி டன் அளவில் இருக்கும். எனவே மின்னல் அம்பை 1 மி.மீ. அகலத்திலும் பாக்டீரியா அம்பை 2 செ.மீ. அகலத்திலும் போட்டேன். மஞ்சள் வெள்ளை அட்டையில் எடுபடாததால் மின்னலுக்கு ஆரஞ்சு நிறத்தைக் கொடுத்தேன்.

அகலமான அம்பு மண்ணில் முடியாமல், மணிலா வேரிலுள்ள முடிச்சுக்குள் முடிகிறது. பூத்த செடி ஒன்றைப் பிடுங்கி, கடுகளவு முடிச்சைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தது. முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அது ஓய்ந்துவிட்ட முடிச்சு, அல்லது வேலை செய்யாத முடிச்சு. இங்கே உருவாகும் அம்மோனியா நேராகச் செடிக்குள் போகிறது. மண்ணுக்கு வருவது பெரும்பாலும் இலையும் வேரும் மட்கிய பிறகுதான். அந்தத் தாமதத்தைக் காட்ட, செடியிலிருந்து மண்ணுக்கு வரும் அம்பைப் புள்ளிக்கோடாக்கினேன். மட்கியதில் வெளிப்படும் அம்மோனியத்தை (NH₄⁺) நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட்டாக்குவதையும், அதை நைட்ரோபாக்டர் நைட்ரேட்டாக்குவதையும், பாக்டீரியாக்களின் பெயர்களை அம்புகளின் மேலேயே எழுதிக் காட்டினேன்.

நெல் வயல்தான் அதிக நேரம் எடுத்தது. நீர் நிற்கும் வயலில் சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டுமே ஆக்சிஜன் உண்டு; அதற்குக் கீழே இல்லை. மேலே தூவிய யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம் அந்த மெல்லிய அடுக்கில் நைட்ரேட்டாகி, கீழே கசிந்து, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களால் பெரும்பாலும் N₂ ஆக மாறிக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. பட்டையின் அளவில் இது தெரியாததால், ஓரத்தில் பெருக்கிக் காட்டும் தனி வட்டம் ஒன்றை வரைந்து, மேலடுக்கைப் பழுப்பாகவும் கீழடுக்கைக் கருஞ்சாம்பலாகவும் தீட்டினேன். அம்பு கீழே இறங்கி மேலே வளையும்படி அமைந்த பிறகுதான், யூரியாவைச் சேற்றுக்குள் புதைத்து இடச் சொல்வது ஏன் என்பது படத்திலேயே விளங்கியது.

அம்புகளின் அகலம் காற்றிலிருந்து இறங்கும் அந்த இரண்டுக்கு மட்டுமே கணக்கிட்டது என்று மூலையில் குறித்திருக்கிறேன். கடற்கரைச் சவுக்கு வேரில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பிராங்கியா பாக்டீரியாவுக்கு இன்னும் இடம் ஒதுக்க வேண்டும்.